தொழிற்சாலையின் மிச்ச 30 சதவீதம்: கட்டுப்படுத்தாத உரித்தைக் கணிப்பதும் அதை உரிமையாண்மைக்குள் காட்டுவதும்

என் தாயின் தகரப் பெட்டியில் ஒரு பங்குச் சான்றிதழ் இருக்கிறது. 1992 இல் இலங்கையின் அரச தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் கொண்டுவரப்பட்டன. 1995 முதல் அந்தக் கம்பனிகளின் 51 சதவீதப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. 10 சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கொழுந்து பறித்தே காலம் கழித்த அவருக்கும் அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தது. சான்றிதழைக் கையில் வாங்கிய அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பணத்தைக் கம்பனி எப்போது திருப்பித் தரும்?

திருப்பித் தராது என்று விளக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. கம்பனி அவருக்குக் கடன்பட்டிருக்கவில்லை. அவர் கம்பனியின் ஒரு துண்டுக்குச் சொந்தக்காரர். பல ஆண்டுகள் கழித்து ஹட்டனில் ஞாயிறு காலைகளில் குழுமக் கணக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது, அதே கேள்வி வேறு உருவத்தில் என் முன்னால் வந்து நின்றது. பெருந்தோட்டக் கம்பனியைத் தன் கையில் வைத்திருக்கும் தாய்க் கம்பனி, தன்னையும் தான் ஆளும் கம்பனிகளையும் ஒன்றாகக் காட்டும் குழுமக் கணக்கைத் தயாரிக்கும்போது, என் தாயின் துண்டு அதில் ‘கட்டுப்படுத்தாத உரித்து’ என்ற வரியில் போய்ச் சேர்கிறது. சொந்தக்காரருக்குரியதைக் காட்டும் உரிமையாண்மைக்குள் போகவேண்டிய அந்த வரியை மாணவர்களில் பலர் பொறுப்புக்களின் கீழ் எழுதிவிடுகிறார்கள். அது ஏன் பிழை, சரியான தொகைக்கு எப்படி வருவது என்பதை ஒரே உதாரணத்தின் வழியாக இங்கே சொல்கிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் வட்டிக்கும் உரித்துக்கும் ஒரே சொல் வழங்குகிறது. அதனால் சிலர் இந்த வரியைத் தமிழில் ‘வட்டி’ என்றே எழுதிவிடுகிறார்கள். வட்டி என்றதும் மனம் கடனைத் தேடுகிறது. குழப்பத்தின் பாதி அங்கேயே தொடங்குகிறது. இங்கே பேசப்படுவது ஒரு கம்பனியில் ஒருவருக்குள்ள பங்குரிமை. முன்பு இதைச் சிறுபான்மை உரித்து என்றார்கள். எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்களும் சில வேளைகளில் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், 2008 இல் சர்வதேச நியமங்கள் திருத்தப்பட்டபோது பெயர் மாறியது.

உதாரணம்

கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு தாய்க் கம்பனி. கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கம்பனி. தொழிற்சாலைக்குக் கொழுந்து தரும் சிறுதேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் பலர் அதன் பங்குகளை வைத்திருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 1 அன்று தாய்க் கம்பனி 84 மில்லியன் ரூபா கொடுத்து 70 சதவீதப் பங்குகளைக் கொள்வனவு செய்கிறது. மிச்ச 30 சதவீதம் சிறு உரிமையாளர்களிடமே இருக்கிறது. இரண்டும் கற்பனைக் கம்பனிகள். எண்கள் நான் வகுப்புக்காக அமைத்தவை. இனி வரும் எல்லாத் தொகைகளும் மில்லியன் ரூபாவில்.

அன்றைய தினம் தொழிற்சாலையின் ஏடுகளில் கூறப்பட்ட மூலதனம் 60, நிறுத்திவைக்கப்பட்ட வருவாய் 30. தேறிய சொத்து 90. ஆனால் அதன் சொந்தக் காணி பழைய விலையிலேயே ஏட்டில் கிடக்கிறது. மதிப்பீட்டாளரின் கணக்குப்படி அதன் பெறுமதி 10 கூட. ஆகவே நியாயப் பெறுமதியில் தேறிய சொத்து 100. பிற்போடப்பட்ட வரியை இங்கே ஒதுக்கிவைக்கிறேன். உண்மைக் கணக்கில் அந்த 10 மீது வரியும் கணிக்க வேண்டும்.

முதற் படி: கொள்வனவுத் திகதியில் தொடக்கத் தொகை

கட்டுப்படுத்தாத உரித்தை முதன்முதலில் அளவிட, வியாபார இணைப்புக்கள் பற்றிய இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 3 இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. ஒன்று, அடையாளம் காணக்கூடிய தேறிய சொத்தில் விகிதாசாரப் பங்கு. 100 இன் 30 சதவீதம், அதாவது 30. மற்றது, அந்த 30 சதவீதப் பங்குகளின் நியாயப் பெறுமதி. அதை 33 என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத்துக்கு 84 கொடுத்தால் 30 சதவீதத்துக்கு 36 வரவேண்டுமே என்று மாணவர்கள் கேட்பார்கள். 84 இல் தொழிற்சாலையை ஆளும் அதிகாரத்துக்கான விலையும் அடங்கியிருக்கிறது. சிறு உரிமையாளரின் பங்குக்கு அந்த அதிகாரம் இல்லை. அதனால் அதன் விலை குறைவு.

தேறிய சொத்தின் பெறுமதிக்கு மேல் வரும் தொகையான நன்மதிப்பு இதோடு சேர்ந்தே வரும். முதல் வழியில் 84 உடன் 30 ஐக் கூட்டி 100 ஐக் கழித்தால் 14. இரண்டாம் வழியில் 84 உடன் 33 ஐக் கூட்டி 100 ஐக் கழித்தால் 17. மேலதிகமான 3 சிறு உரிமையாளருக்குரிய நன்மதிப்பு. பெருந்தோட்டக் கம்பனிகளைப் போல், வாங்கப்பட்ட துணைக் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், சந்தை விலை கையில் இருப்பதால் இரண்டாம் வழி எளிது. பட்டியலிடாத இந்தத் தொழிற்சாலைக்கு நான் முதல் வழியையே எடுக்கிறேன். யாரோ ஊகித்த விலையில் நன்மதிப்பை எழுப்பி, பிறகு ஆண்டுதோறும் அதைச் சோதித்துக்கொண்டிருப்பதில் எனக்கு விருப்பமில்லை. தெரிவை ஒவ்வொரு கொள்வனவுக்கும் தனித்தனியாகச் செய்யலாம். ஒருமுறை செய்த பின் அந்தக் கொள்வனவுக்கு அதை மாற்ற முடியாது.

இரண்டாம் படி: ஆண்டு இலாபத்தைப் பிரித்தல்

2025 மார்ச் 31 இல் முடிந்த ஆண்டில் தொழிற்சாலை 12 இலாபம் ஈட்டியது. அவ்வாண்டில் அது தன் தேயிலையில் ஒரு பகுதியை ஏலத்துக்கு அனுப்பாமல் நேரே தாய்க் கம்பனிக்கு விற்றது. ஆண்டு முடிவில் அதில் 10 பெறுமதியான தேயிலை இன்னும் கொழும்புக் களஞ்சியத்தில் கிடக்கிறது. தொழிற்சாலைக்கு அதன் கிரயம் 8. இடையிலுள்ள 2 தொழிற்சாலையின் ஏட்டில் இலாபம். குழுமத்தைப் பொறுத்தவரை இன்னும் ஈட்டப்படாத இலாபம். ஒரே வீட்டில் அடுக்களையிலிருந்து கூடத்துக்குத் தேயிலையைத் தூக்கிவைத்ததால் எவருக்கும் இலாபம் வராது.

விற்றது துணைக் கம்பனி என்பதால், அந்த 2 ஐத் துணைக் கம்பனியின் இலாபத்திலிருந்து கழித்து, மிச்சத்தை இரு தரப்புக்கும் பிரிப்பது பொதுவான நடைமுறை. எனவே 12 இலிருந்து 2 போக மிஞ்சும் 10 இன் 30 சதவீதமான 3 கட்டுப்படுத்தாத உரித்துக்கு. தாய்க் கம்பனி துணைக் கம்பனிக்கு விற்றிருந்தால் இந்தப் பங்கு தொடப்படாது. விற்றவர் யார் என்று முதலில் கேட்காமல் கணக்கில் இறங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இந்த 3 செலவு அல்ல. இலாப நட்டக் கூற்றில் அதைக் கழித்து இலாபத்தைக் குறைக்கக் கூடாது. தாய்க் கம்பனியின் சொந்த இலாபம் 20. அதில் தொழிற்சாலையிடமிருந்து பெற்ற பங்கிலாபம் 3.5 அடங்கியிருக்கிறது. அதை நீக்கினால் 16.5. அத்துடன் தொழிற்சாலையின் 10 சேர, குழும இலாபம் 26.5. அதற்குக் கீழே, தாய்க் கம்பனியின் பங்குதாரருக்கு 23.5, கட்டுப்படுத்தாத உரித்துக்கு 3 என்று பகிர்வை மட்டும் காட்டுகிறோம். வட்டியாக இருந்திருந்தால் அந்த 3 மேலேயே கழிந்திருக்கும். பகிர்வாகக் காட்டுவதிலேயே அது சொந்தக்காரரின் பங்கு என்ற முடிவு அடங்கியிருக்கிறது.

மூன்றாம் படி: பங்கிலாபம்

தொழிற்சாலை 5 பங்கிலாபம் செலுத்தியது. தாய்க் கம்பனிக்குப் போன 3.5 குழுமத்துக்குள்ளேயே சுற்றிய பணம் என்பதால் நீங்கிவிடுகிறது. சிறு உரிமையாளருக்குப் போன 1.5 குழுமத்தை விட்டு வெளியே போய்விட்டது. அது கட்டுப்படுத்தாத உரித்தைக் குறைக்கிறது.

உரிமையாண்மைக்கும் பொறுப்புக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு துலக்கமாகத் தெரிவது இந்த இடத்தில்தான். மார்ச் 30 அன்று பங்குதாரர் கூட்டம் அந்தப் பங்கிலாபத்தை அங்கீகரித்து, காசு ஏப்ரலில்தான் கொடுபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அங்கீகரிக்கும் முன் அந்த 1.5 உரிமையாண்மை, எந்தச் சிறு உரிமையாளரும் அதைக் கொடு என்று கேட்க முடியாது. அங்கீகரித்த பின் அது செலுத்தவேண்டிய பங்கிலாபம். கொடுக்க மறுக்க வழியில்லை; நடைமுறைப் பொறுப்புக்களின் கீழ் போகும். அதே ஆட்கள், அதே தொழிற்சாலை, அதே 1.5. மாறியது ஒன்றுதான்: கொடுத்தே தீரவேண்டிய கடப்பாடு பிறந்துவிட்டது.

நான்காம் படி: இறுதித் தொகையும் சரிபார்ப்பும்

தொடக்கம் 30, இலாபப் பங்கு 3, பங்கிலாபம் 1.5 கழிவு. இறுதி 31.5.

இந்த எண்ணை இன்னொரு வழியாலும் அடைந்து பார்க்காமல் நான் எழுந்து போகமாட்டேன். தொழிற்சாலையின் தேறிய சொத்து தொடக்கத்தில் 100. இலாபம் 12 கூட்டி, பங்கிலாபம் 5 ஐயும் ஈட்டப்படாத இலாபம் 2 ஐயும் கழித்தால் 105. அதன் 30 சதவீதம் 31.5. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசமே பிழையைக் காட்டிக்கொடுக்கும். 0.6 பிசகினால் களஞ்சியத் தேயிலையின் 2 ஐ மறந்திருக்கிறீர்கள். 1.5 பிசகினால் பங்கிலாபம் விடுபட்டிருக்கிறது. 3 குறைந்தால் ஒன்று ஆண்டு இலாபப் பங்கைச் சேர்க்கவில்லை, அல்லது காணியின் 10 ஐச் சேர்க்காமல் 90 இலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். (நியாயப் பெறுமதி வழியை எடுத்தவர்கள் தமது நன்மதிப்பான 3 ஐயும் கூட்டி 34.5 இல் நிற்பார்கள்.)

தாய்க் கம்பனியின் கூறப்பட்ட மூலதனம் 200. அதன் தொடக்க நிறுத்திவைக்கப்பட்ட வருவாய் 50. அது பங்கிலாபம் எதுவும் கொடுக்கவில்லை. குழும நிதிநிலைமைக் கூற்றின் உரிமையாண்மைப் பகுதி இப்படி அமையும்:

கூறப்பட்ட மூலதனம்: 200.0
நிறுத்திவைக்கப்பட்ட வருவாய்: 73.5
தாய்க் கம்பனிப் பங்குதாரருக்குரிய உரிமையாண்மை: 273.5
கட்டுப்படுத்தாத உரித்து: 31.5
மொத்த உரிமையாண்மை: 305.0

73.5 என்பது 50 உடன் 23.5 சேர்ந்தது. துணைக் கம்பனியின் மூலதனமான 60 இங்கே எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதில் தாய்க்குரிய பகுதி முதலீட்டோடு கழிந்துவிட்டது. மற்றவர்களின் பகுதி 31.5 க்குள் இருக்கிறது.

ஏன் உரிமையாண்மைக்குள்?

குழுமக் கணக்கில் நாம் தொழிற்சாலையின் இயந்திரங்களில் 70 சதவீதத்தைச் சேர்ப்பதில்லை, முழுவதையும் சேர்க்கிறோம். காரணம் தாய்க் கம்பனி முழுத் தொழிற்சாலையையும் ஆள்கிறது. கொழுந்து உலர்த்தும் தொட்டிகளில் எழுபது சதவீதத்தை மட்டும் ஆள்வது என்று ஒன்றில்லை. நூறையும் சேர்த்துவிட்டால், அதில் முப்பதுக்கு உரியவர்கள் யார் என்று மறுபக்கத்தில் சொல்லியாக வேண்டும். அந்த வரிக்கு எங்கே இடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இதற்கு வரலாற்றில் மூன்று விடைகள் இருந்தன. பொறுப்பு என்று காட்டுவது, பொறுப்புக்கும் உரிமையாண்மைக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் தொங்கவிடுவது, உரிமையாண்மைக்குள் காட்டுவது. நடுவே தொங்கவிடுவதுதான் நீண்டகாலம் பழக்கத்தில் இருந்தது. 2003 இல் சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 27 திருத்தப்பட்டபோது அது உரிமையாண்மைக்குள் வந்தது. இலங்கையில் 2012 ஜனவரி 1 முதல் சர்வதேச நியமங்களோடு ஒருங்கிணைந்த நியமங்கள் நடைமுறைக்கு வந்தன. இன்று நமக்கு வழிகாட்டுவது இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 10. உரிமையாண்மைக்குள், ஆனால் தாய்க் கம்பனி உரிமையாளரின் உரிமையாண்மையிலிருந்து பிரித்துக் காட்டு என்பது அதன் கட்டளை.

காரணம் வரைவிலக்கணத்தில் இருக்கிறது. பொறுப்பு என்றால் கடந்தகால நிகழ்வொன்றால் எழுந்த, பொருளாதார வளமொன்றைக் கொடுத்தே ஆகவேண்டிய இன்றைய கடப்பாடு. சிறு உரிமையாளருக்கு அந்த 31.5 ஐக் கொடுக்கவேண்டிய திகதி ஏதும் உண்டா? இல்லை. தொழிற்சாலை நன்றாக ஓடினால் கூட்டம் கூடிப் பங்கிலாபம் தீர்மானித்தால் பெறுவார்கள். மூடப்பட்டால் வங்கிக்கும் தொழிலாளருக்கும் வழங்குநருக்கும் கொடுத்த பின் மிஞ்சுவதில் பங்கு பெறுவார்கள். மிஞ்சுவதில் உரிமை கொண்டவரே உரிமையாளர்.

எனக்கு இதைவிடப் பலமாகத் தோன்றுவது நட்டத்தின் சான்று. விலை வீழ்ந்து தொழிற்சாலை அடுத்த ஆண்டு குழுமக் கணக்கின்படி 20 நட்டப்பட்டால், கட்டுப்படுத்தாத உரித்து 6 குறைந்து 25.5 ஆகும். கடனாளி நட்டப்பட்டதால் வாங்கிய கடன் தானாகக் குறைந்த கதை எங்காவது உண்டா? வங்கிக் கடன் அப்படியே நிற்கும். நட்டத்தைத் தன் தோளில் தாங்குகிற தொகையைக் கடன் என்று அழைக்க முடியாது.

நட்டம் பெரிதாகி 120 ஆனால் தேறிய சொத்து எதிர்க்குறி 15 ஆகும். கட்டுப்படுத்தாத உரித்து எதிர்க்குறி 4.5. பழைய விதியில் சிறுபான்மையின் பங்கு பூச்சியத்தில் நிறுத்தப்பட்டு, மேலதிக நட்டம் பெரும்பாலும் தாய்க் கம்பனியின் மேல் விழுந்தது. உரிமையாண்மை என்று ஏற்றுக்கொண்ட பின் அந்தச் சலுகைக்கு இடமில்லை, எதிர்க்குறியிலேயே காட்டவேண்டும். சிறு உரிமையாளர்கள் 4.5 கட்டவேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களது பொறுப்பு பங்குக்குச் செலுத்தியதோடு முடிந்தது. குழுமத்தின் பற்றாக்குறை யார் யார் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பதையே அந்த எண் சொல்கிறது.

ஐந்தாம் படி: மேலும் பங்கு வாங்கினால்

உரிமையாண்மை என்ற முடிவின் பலன் இங்கே வெளிப்படுகிறது. 2025 ஏப்ரல் 1 அன்று தாய்க் கம்பனி சிறு உரிமையாளரிடமிருந்து இன்னும் 10 சதவீதத்தை 12 கொடுத்து வாங்குகிறது. கட்டுப்பாடு ஏற்கனவே அதனிடம் இருந்தது. ஆகவே இது உரிமையாளர்களுக்கு இடையிலான கைமாற்றம். புதிய கொள்வனவு அல்ல. 31.5 இல் மூன்றில் ஒன்று, 10.5, கட்டுப்படுத்தாத உரித்திலிருந்து கழியும். கூடுதலாகக் கொடுத்த 1.5 தாய்க் கம்பனிப் பங்குதாரரின் உரிமையாண்மையைக் குறைக்கும். அதை நட்டமாக இலாப நட்டக் கூற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது; நன்மதிப்போடும் சேர்க்கக் கூடாது. நன்மதிப்பு 14 ஆகவே நிற்கும். முடிவில் 272 உம் 21 உம், மொத்தம் 293. முன்பிருந்த 305 இலிருந்து வெளியேறிய காசு 12 ஐக் கழித்தால் அதே 293.

நட்டம் 1.5 என்று இலாபத்தில் அடித்துவிட்ட கணக்குகளை நான் திருத்தியிருக்கிறேன். அப்படிச் செய்தவர் அந்த 30 சதவீதக்காரரை வெளியாள் என்று மனத்தில் வைத்திருக்கிறார்; பிழையின் வேர் அதுவே.

உண்மையிலேயே பொறுப்பாகும் தருணம்

மேற்சொன்ன எல்லாமே, கொடுத்தாக வேண்டிய கடப்பாடு இல்லை என்ற தூணில் நிற்கின்றன. ஓர் உடன்படிக்கை அந்தத் தூணை அகற்றிவிடலாம். மூன்று ஆண்டுகள் கழித்துச் சிறு உரிமையாளர்கள் விரும்பினால் தமது 30 சதவீதத்தையும் 40 க்குத் தாய்க் கம்பனிக்கு விற்கலாம், அது வாங்க மறுக்க முடியாது என்று கொள்வனவின்போதே எழுதிக்கொடுத்திருந்தால் என்ன செய்வது? விற்பதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். கொடுக்காமல் தப்பும் வழி குழுமத்துக்கு இல்லை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32 இன்படி அந்த 40 இன் இன்றைய பெறுமதியை நிதிப் பொறுப்பாகக் காட்டவேண்டும். ஆண்டுக்கு 10 சதவீதத்தில் கழித்தால் அது ஏறக்குறைய 30. எதிர்ப்பதிவைக் கட்டுப்படுத்தாத உரித்தில் இடுவதா, தாய்ப் பங்குதாரரின் உரிமையாண்மையில் இடுவதா என்பதில் இரு நடைமுறைகள் உண்டு. தெரிந்தெடுத்ததைக் குறிப்பில் எழுதி, ஆண்டுதோறும் அதையே பின்பற்ற வேண்டும்.

அந்த வாசகம் பெரும்பாலும் பங்குப் பதிவேட்டிலோ துணைக் கம்பனியின் பரீட்சை மீதியிலோ தென்படாது. பங்குதாரர் உடன்படிக்கையின் கடைசிப் பக்கங்களில், வெளியேறும் ஏற்பாடுகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதனால் ஒரு குழுமத்தின் வேலை என் மேசைக்கு வந்தால், விகிதாசாரம் கணிப்பதற்கு முன் அந்த உடன்படிக்கையின் பிரதியைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறேன்.